தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்: ஒரு சப்டைட்டில் தகராறு

அப்பாயி சொன்னது ஒரே ஒரு வரி. அதை மொழிபெயர்க்க எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நட்பே முறிந்திருக்கும்.

நாங்கள் நாலு பேர். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து மூன்று பேர், சிங்கள நண்பன் ஒருவன். லயத்து வாழ்க்கை பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தோம். அதில் என் அப்பாயி அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே கதைக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் ஒரு அக்கா வீட்டு வேலைக்கு வெளிநாடு போகப்போகிறார். ஏஜென்சிக்காரர் வந்து என்னென்னவோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டபோது அப்பாயி மாவில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

“போறவங்க எல்லாம் தேயிலைத் தூர்ல தேங்காயும் மாசியும் இருக்குன்னுதான் போறாங்க. நாங்களும் அப்பிடித்தானே கண்ணு வந்தோம்.”

இத்தனைக்கும் அப்பாயி எங்கிருந்தும் வந்தவர் இல்லை. இங்கேதான் பிறந்தார். வந்தது அவருடைய தாத்தா. ஆனாலும் “வந்தோம்” என்றுதான் சொல்வார்.

மலையகத்துக்காரர்களுக்கு இந்த வரியை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு ஊர்களில் ஆள் கட்டிய கங்காணிகள் சொன்ன ஆசைவார்த்தை என்று நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லப்படுவது இது. கண்டிச் சீமைக்கு வா, அங்கே தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும். இன்றைக்கு இதை யாரும் வரலாறாகச் சொல்வதில்லை, பழமொழியாகத்தான் சொல்கிறார்கள். யாராவது பெரிய வாக்குறுதி கொடுத்தால், “ஆமா ஆமா, தேயிலைத் தூர்ல தேங்காயும் மாசியும்” என்றால் போதும். கதை முடிந்தது.

சிக்கல் சப்டைட்டிலில் வந்தது. படத்துக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சப்டைட்டில் போட முடிவு செய்திருந்தோம். சப்டைட்டில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இடமே கிடையாது. திரையில் இரண்டு வரி. வரிக்கு நாற்பது எழுத்துச் சொச்சம். அப்பாயி பேசுவது ஏறக்குறைய ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடிக்குள் பார்ப்பவர் படித்து முடித்து, அப்பாயியின் முகத்தையும் பார்க்க வேண்டும். புத்தகம் என்றால் அடிக்குறிப்பு போடலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

முதல் யோசனை: மாற்றிவிடுவது. ஆங்கிலத்தில் இதே மாதிரி ஒன்று தயாராக இருக்கிறதே என்றாள் ஒருத்தி. பிழைக்கப் போகிற நாட்டில் தெருவெல்லாம் தங்கம் பாவியிருக்கும் என்று நம்பிப் போவதாக அவர்கள் சொல்வார்கள். சிங்களத்துக்குப் பாலும் பாணியும் வழியும் என்கிற வழக்கு இருக்கிறது. தமிழிலேயே பாலும் தேனும் ஓடும் என்கிறோம். எல்லாம் ஒரே அர்த்தம்தானே? பார்க்கிறவர்களுக்கு உடனே விளங்கும், இடமும் மிச்சம்.

முதலில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆங்கில வரியைத் தட்டச்சு செய்து, காட்சியை ஓடவிட்டுப் பார்த்தோம். அப்பாயி புகை படிந்த அடுப்படியில் மா பிசைகிறார். கீழே தங்கத் தெரு என்று ஓடுகிறது. ஏதோ தப்பாக இருந்தது. என்ன தப்பு என்று சொல்ல எனக்கு அன்று ராத்திரி வரைக்கும் ஆனது.

தங்கம் பாவிய தெருவை நம்பிப் போகிறவன் பணக்காரனாக ஆசைப்படுகிறவன். அவன் ஏமாந்தால் நமக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வரும், பேராசைப்பட்டாய் அல்லவா, பட்டாய் என்று. ஆனால் நம் ஆட்களிடம் காட்டப்பட்டது தங்கம் இல்லையே. தேங்காய், மாசி. அதாவது ஒரு சம்பலுக்கான சாமான். மழை பொய்த்து, பஞ்சம் வந்து, கடனில் முங்கிக் கிடந்த ஊர்களில் இருந்து ஒரு குடும்பத்தைக் கடல் தாண்டவைக்க அது போதுமாக இருந்திருக்கிறது. பழமொழியில் இருக்கிற விஷயமே ஆசையின் அளவுதான். எவ்வளவு சின்ன ஆசையைக் காட்டி எவ்வளவு தூரம் கூட்டி வந்தார்கள் என்பதுதான். தங்கத்தைப் போட்டால் அந்த அளவு மாறிவிடுகிறது. ஏமாற்றப்பட்டவர்கள் பேராசைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஒரு வரி மொழிபெயர்ப்பில் குற்றம் கங்காணியிடம் இருந்து நம் தாத்தாவிடம் வந்துவிடுகிறது.

வெளிநாடு போகிற அந்த அக்காவுக்கும் இது பொருந்தும். அவர் மாளிகை கட்டப் போகவில்லை. கூரைத் தகரம் மாற்றவும் பிள்ளையை ஏ.எல் படிக்க வைக்கவும் போகிறார்.

சரி, அப்படியே வைப்போம் என்று இரண்டாம் நாள் உட்கார்ந்தோம். அப்படியே வைப்பதும் லேசு இல்லை. இந்தச் சொற்களைத் தனித்தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதலில் மாசி. சென்னையில் இருக்கிற ஒரு நண்பருக்கு வரியை அனுப்பினேன். “தேங்காய் சரி, மாசி மாசம் ஏன் செடிக்குக் கீழே இருக்கு?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் அவர்மேல் தப்பில்லை. தமிழ்நாட்டின் தென்கரையில் மாசிக் கருவாடு தெரிந்த ஊர்கள் உண்டு. மற்றவர்களுக்கு மாசி என்றால் தைக்கு அடுத்த மாதம்தான். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் அது மாசி. மாலைதீவுச் சரக்கு. உரலில் இடித்து ஒரு சிட்டிகை போட்டாலே சம்பல் மணக்கும். இரண்டாவது தூர். நமக்குச் செடியின் அடி. நகரத்து வாசகருக்குத் தூர் வாருவதுதான் ஞாபகம் வரும். ஆக இந்தப் பழமொழிக்குத் தமிழில் இருந்து தமிழுக்கே ஒரு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது.

சிங்களத்தில் நேர்மாறான தொல்லை. அங்கே எதையும் விளக்க வேண்டாம். ‘பொல்’, ‘உம்பலகட’, ‘தே கஸ முல’, மூன்றுமே வீட்டுச் சொற்கள். எழுதிக்காட்டியதும் எங்கள் சிங்கள நண்பன் கேட்டான், “இது எங்க குசினியிலேயே இருக்கிற சாமான்தானே. இதைத் தேடி யாராவது கடல் தாண்டுவார்களா?”

மூன்று நாள் தகராறில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்வி அதுதான். சென்னை நண்பருக்குப் படம் தெரியவில்லை, அதனால் அர்த்தம் போனது. இவனுக்கோ படம் அளவுக்கு மேல் தெரிந்திருந்தது. அன்றாடம் புழங்குகிற சாமான் என்பதால் அதில் ஒரு ஏக்கம் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு பழமொழியில் இருக்கிற பொருள் இரண்டு மொழியிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பத்தாது. அந்தப் பொருளுக்கு அந்த மக்களிடம் என்ன விலை என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் அவன்தான் பிடித்தான். அவனுடைய ஊர் குருநாகல் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் வளர்ந்தவன். “ஹட்டனில் தென்னை காய்க்காதே” என்றான். உண்மைதான். ஹட்டன் கடல்மட்டத்தில் இருந்து ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலே. நுவரெலியா அதற்கும் மேலே, ஏறக்குறைய 1,870 மீட்டர். அந்தக் குளிரில் தென்னை ஒழுங்காகக் காய்க்காது. மாசி கடல் சாமான். இரண்டுமே கீழேயிருந்து மலைக்கு ஏறி வரவேண்டியவை, தோட்டத்துக் கடையில் காசுக்கு வாங்கவேண்டியவை, பல காலம் கடனுக்கு வாங்கப்பட்டவை. அந்த மலையில் விளையவே முடியாத இரண்டு சாமான்களைத்தான் பழமொழி தேயிலைத் தூரில் புதைத்து வைத்திருக்கிறது.

இது தெரிந்த பிறகு வரியின் தொனியே எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஏமாற்றினவன் வாயில் பிறந்திருந்தாலும், நம்மிடம் வந்து சேர்ந்தது ஏமாந்தவர்கள் வாய் வழியாகத்தான். மலைக்கு வந்து, செடியையும் குளிரையும் பார்த்து, தோண்டினால் கல்லும் வேரும்தான் வரும் என்று கண்டவர்களின் நக்கல் இதில் இருக்கிறது. அப்பாயி சொல்லும்போது அவர் உதட்டோரம் ஒரு சுழிப்பு வந்ததே, அது அந்த நக்கல்தான். அழுகை இல்லை. பாலும் தேனும் என்று மாற்றினால் அந்தச் சுழிப்புக்குச் சப்டைட்டிலில் காரணமே இருக்காது.

அப்போ விளக்கிவிடலாமே என்றால்? பழமொழியை விளக்குவது பகிடியை விளக்குவது மாதிரி, விளங்கிவிடும், ஆனால் சிரிப்பு வராது. படத்துக்குத் தொடக்கத்தில் ஒரு அட்டை போட்டு, கங்காணி முறை, ஆள்கட்டு என்று எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எழுதியும் பார்த்தோம். அப்பாயி வாயைத் திறக்கும்முன்னே பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவர் சொல்வதில் புதிதாக ஒன்றும் இல்லாமல் போகிறது. அந்த அட்டையை எடுத்துவிட்டோம்.

கடைசியில் செய்தது சின்ன வேலை. படத்தை அப்படியே வைத்து, விளக்கத்தை ஒரே ஒரு வினைச்சொல்லுக்குள் மடித்தோம். அப்பாயி “இருக்குன்னு” என்றுதான் சொன்னார். சப்டைட்டிலில் அதைத் “தோண்டினால் கிடைக்கும் என்று சொன்னார்கள்” என்று ஆக்கினோம். தோண்டுவது என்று வந்ததும் அந்தக் காட்சி கண்ணில் விழுகிறது, அது நடக்காத காரியம் என்பதும் தெரிந்துவிடுகிறது. “சொன்னார்கள்” என்று வந்ததும் இது அவர்கள் கண்ட கனவு இல்லை, வேறொருவர் கொடுத்த வாக்கு என்பது நிற்கிறது. ஆங்கிலத்தில் மாசியை வெறும் காய்ந்த மீன் ஆக்கினோம். மாலைதீவு என்று போட்டால் பார்ப்பவர் கவனம் அந்தத் தீவுக்குப் போய்விடும். நட்டம்தான், ஆனால் தாங்கக்கூடிய நட்டம். சிங்களத்தில் உம்பலகட அப்படியே நின்றது. இரண்டு மொழியிலும் இரண்டு வரிக்குள் அடங்கியது. “கண்ணு” மட்டும் இரண்டிலும் விழுந்துவிட்டது. அதற்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன்.

இதை வாசித்துவிட்டு, பழமொழியில் உள்ள படத்தை எப்போதும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே படத்தில் அப்பாயி சொன்ன இன்னொரு பழமொழியின் படத்தை நானே தூக்கிப் போட்டேன்.

அந்த அக்கா எப்போது போகிறார் என்று கேட்டதற்கு, “தை பொறந்தா வழி பொறக்கும், பார்ப்போம்” என்றார். சிங்களத்துக்கு இதை எழுதும்போது எங்களில் ஒருத்தி ஆசையாக, தை மாதத்தில் நெல் அறுவடை முடிந்து கையில் காசு வரும் என்பதை எப்படியாவது சேர்க்க வேண்டும் என்றாள். தகவலில் தப்பில்லை. தமிழ்நாட்டு வயல்காட்டில் பிறந்த பழமொழி அது. ஆனால் அப்பாயி வாழ்ந்த தோட்டத்தில் வயல் எங்கே இருக்கிறது?

மலையில் தை என்பது வேறு காலம். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் தையும் மாசியும் காய்ச்சல் காலம். பகலில் வறண்ட காற்று, ராத்திரியில் குளிர். நுவரெலியாவில் பனி விழுந்து கொழுந்து கருகுவதும் இந்த மாதங்களில்தான். செடி மெதுவாகத் துளிர்க்கும். அப்படி மெதுவாகத் துளிர்ப்பதால்தான் திம்புலப் பிரதேசத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மணமும் தரமும் கூடும் என்கிறார்கள். தேயிலைக்கு நல்ல பருவம், கொழுந்து எடுக்கிறவளுக்கு எடை நிறையாத பருவம். தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் வேறு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். தையில் தோட்டத்தில் வழி பிறப்பதில்லை. கிட்டத்தட்ட அடைபடுகிறது.

ஆனாலும் பொங்கல் வைத்து, “தை பொறந்தா வழி பொறக்கும்” என்கிறோம். நெல்லை நினைத்து யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்குள் இருந்த வயல் எப்போதோ தூங்கிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு நம்பிக்கையும் ‘பொறந்தா, பொறக்கும்’ என்கிற சந்தமும்தான். இதற்கு அறுவடை விளக்கம் சேர்த்தால் அப்பாயி நினைக்காத ஒன்றை அவர் வாயில் திணிக்கிறோம். பார்ப்பவரும் தோட்டத்தில் நெல் விளைவதாக நினைத்துக்கொள்வார். சிங்களச் சித்திரைக்கு மாற்றி, பக் மாதம் வந்தால் விடியும் என்று போட்டால் பொங்கலே காணாமல் போகும். அதனால் பொங்கலை மட்டும் வைத்தோம். ‘தைப்பொங்கல் வரட்டும், ஒரு வழி வரும்’ என்கிற அளவில். தைப்பொங்கல் இந்த நாட்டில் எல்லோருக்கும் விடுமுறை நாள், சிங்களவர்களுக்கும் தெரிந்த பெயர். ஆங்கிலத்தில் ‘தை’ என்பதையே எடுத்துவிட்டோம். அதை எழுதுகிற எழுத்தில் எழுதினால் தாய்லாந்து என்றுதான் வாசிக்கத் தோன்றும்.

ஆக எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். சொல்கிறவர் வாயில் அந்தப் படம் முழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முழித்திருந்தால் என்ன பாடுபட்டாவது வைத்துக்கொள்ள வேண்டும். தூங்கினால் எழுப்பக் கூடாது, அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. படம் முழித்திருந்தாலும், இடம் பொறுக்காது என்றால் விட்டுவிட வேண்டும். ஒரு அம்மா கடன் தொல்லை பற்றிப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கும்போது, “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொல்கிறவர் வெள்ளத்தை அப்படியே சொன்னால், எழுதுகிறவர் மண்சரிவா, வெள்ளமா, எந்தத் திகதி என்று கேட்கக்கூடும். மண்சரிவு எச்சரிக்கை அடிக்கடி வருகிற மலையில் அது நடக்காத விஷயம் இல்லை. அங்கே அர்த்தம்தான் முதலில். கடன் கைமீறிவிட்டது, இனி எவ்வளவு என்பதே முக்கியம் இல்லை என்கிறார். அதுபோதும்.

இந்தக் குழப்பம் எல்லாம் எங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. யாழ்ப்பாணத்தில் மிஷனரியாக இருந்த பீட்டர் பெர்சிவல், பிறகு சென்னையில் 1874இல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு அச்சிட்டார். பெரும்பாலும் படத்தை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிடுவது அவர் பாணி. அவருக்குப் பின் 1897இல் ஹெர்மன் ஜென்சன் என்கிற டேனிஷ் மிஷனரி, பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, விளக்கமும் ஒத்த ஆங்கிலப் பழமொழிகளும் சேர்த்துப் போட்டார். நாங்கள் மூன்று சாயங்காலம் பிடித்த சண்டையை அவர்கள் எப்போதோ இரண்டு புத்தகங்களில் பிடித்திருக்கிறார்கள். இரண்டுமே பெரிய உழைப்பு. ஆனால் இரண்டிலும் எனக்கு ஒன்று குறைகிறது. யார் சொன்னது, யாரிடம், எதற்காக என்பது இல்லை. ஏஜென்சிக்காரர் சொன்னால் “தேங்காயும் மாசியும்” ஒரு வாக்குறுதி. அப்பாயி சொன்னால் அதே சொற்கள் எச்சரிக்கை. சொன்னவர் முகம் தெரியாமல் படத்தை வைப்பதா, மாற்றுவதா, விளக்குவதா என்று முடிவே செய்ய முடியாது.

அதனால் இதை வாசிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டியின் பழமொழிகளை போனில் எழுதி வைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. பழமொழியை மட்டும் எழுதாதீர்கள். அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, யாரைப் பார்த்துச் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதை மொழிபெயர்க்கப் போகிறவருக்கு அந்த ஒரு வரிதான் அகராதி.

முடிந்த படத்தை அப்பாயிக்குப் போட்டுக்காட்டினேன். சப்டைட்டில் ஓடும்போது, “கீழ என்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார். நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கோம் என்றேன்.

“தேங்கா மாசியையுமா?”

“ஆமா.”

“அந்தத் தொரைமாருங்களுக்கு வெளங்குமா?”

விளங்கும் என்றுதான் சொன்னேன். அப்பாயி உதட்டோரம் மறுபடியும் அதே சுழிப்பு.